லாக் எத்தனை நாள் இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும்: ஓர் எடைச் சீட்டு சர்வரை முன்வைத்துக் கேள்வி பதில்கள்

சர்வர் டிஸ்க் 90 சதவீதம் நிரம்பிவிட்டது. பழைய லாக்கை எல்லாம் அழித்துவிடலாமா?

எந்த லாக் இடத்தைத் தின்கிறது என்று அளந்து பார்க்கும் வரை எதையும் அழிக்காதீர்கள். பெரும்பாலான சர்வர்களில் இடத்தைப் பிடிப்பது ஒரே ஒரு வகை வரியாகத்தான் இருக்கும். விசாரணைக்கு உதவுவது வேறு வகை வரியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து அழிக்கும்போதுதான் பின்னால் கஷ்டம் வருகிறது.

நாங்கள் கிருஷ்ணகிரியில் இருந்து பார்த்துக்கொள்ளும் அமைப்பையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். மாங்கூழ் ஆலைக்குக் காய் வாங்கும் 40 கொள்முதல் யார்டுகள் காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொரு யார்டிலும் எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. அந்தத் திரை 2 நொடிக்கு ஒருமுறை சர்வரிடம் "புதிதாக ஏதாவது உண்டா" என்று கேட்கிறது. ஒரு திரை ஒரு நாளைக்கு 43,200 முறை கேட்டால், 40 திரைகள் 17,28,000 முறை கேட்கின்றன. உண்மையான வேலையான சீட்டுப் போடுதல், திருத்துதல், அச்சிடுதல் எல்லாம் சேர்ந்து சீசன் உச்சத்தில்கூட 30,000 கோரிக்கைதான்.

`nginx` ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி, சுமார் 300 பைட் எழுதுகிறது; அது நாளொன்றுக்கு 0.53 ஜி.பி. எங்கள் செயலியோ ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக 12 வரி, வரிக்கு 400 பைட் எழுதிக்கொண்டிருந்தது; அது 8.4 ஜி.பி. ஆக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 ஜி.பி.யில் 90 சதவீதத்துக்கு மேல், "புதிதாக ஒன்றும் இல்லை" என்ற பதிலைச் செயலி எப்படித் தயாரித்தது என்ற விவரம். அந்த விவரத்தை யாரும் ஒருநாளும் தேடியதில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டியவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

எத்தனை நாள் வைத்திருந்தால் போதும்?

டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்பதிலிருந்து தொடங்கினால் தவறான எண்தான் கிடைக்கும். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்: 200 ஜி.பி. டிஸ்க், நாளுக்கு 9 ஜி.பி., ஆகவே கொஞ்சம் இடம் விட்டு 14 நாள் என்று வைத்தோம். கேள்வி எத்தனை நாள் தாமதித்து வருகிறது என்பதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஒரு சீசனில் மே 27 அன்று விடியற்காலை 5:10க்குப் பெங்களூரா காய் ஒரு லோடு இறங்கியது. அந்த விவசாயி ஆகஸ்ட் 9 அன்று யார்டுக்கு வந்து, தன் கையில் இருந்த சீட்டைக் காட்டினார். சீட்டில் 3,420 கிலோ. அவர் கணக்கில் வந்த பணமோ 3,240 கிலோவுக்கு. இடையில் 74 நாட்கள். அவர் சோம்பி இருந்துவிடவில்லை. ஆலை பணம் போட்டதே ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான். பணம் வந்த பிறகுதானே எடையைச் சரிபார்க்க முடியும்? தரவுத்தளத்தில் கடைசி எடையான 3,240 மட்டும் இருந்தது. யார் மாற்றினார், எந்தக் கருவியில் இருந்து, எப்போது, 4ஐயும் 2ஐயும் இடம் மாற்றித் தட்டச்சு செய்த பிழையா, வேண்டுமென்றே குறைத்ததா என்று சொல்லக்கூடிய வரிகள் ஜூன் இரண்டாம் வாரத்திலேயே அழிந்துவிட்டன. 180 கிலோவுக்கான பணத்தை ஆலை கொடுத்துவிட்டது. ஆனால் அந்த யார்டில் வேலை பார்த்த இளைஞர் மீது விழுந்த சந்தேகத்தை எங்களால் உறுதிசெய்யவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை. இன்றுவரை எனக்கு அது வருத்தம்.

ஆகவே முதலில் உங்கள் புகார் நோட்டை எடுத்து, ஒவ்வொரு புகாருக்கும் சம்பவம் நடந்த தேதியையும் புகார் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதும் தெரியும். எங்களுக்கு அது பணம் பட்டுவாடா ஆகும் நாள். சீசன் முடிந்து கடைசிப் பட்டுவாடா வரை ஆகும் காலம், அதன்பின் ஒரு மாதம் என்று கணக்கிட்டால் எங்களுக்கு 150 நாள் வந்தது.

அதற்கு மேல் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறை, லாக்கைத் தொடர்ந்து 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. 2025இல் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், தனிநபர் தரவைக் கையாள்வோர் அத்துமீறிய அணுகலைக் கண்டுபிடிக்க உதவும் லாக்கை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அந்தப் பகுதி அறிவிப்பு வந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகிறது. எனவே எங்களுக்குக் கீழ் எல்லை 180 நாள் என்றும், இப்போதே ஓராண்டுக்குத் திட்டமிடுவது நல்லது என்றும் முடிவு செய்தோம். எங்கள் பழைய 14 நாள் சட்டப்படியும் தவறு என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

சில வரிகளை மட்டும் மாதிரிக்கு வைக்கும் சாம்ப்ளிங் செய்தால் நமக்கு வேண்டிய வரியே போய்விடாதா?

எதை முழுதாக வைப்பது என்று முதலில் பிரித்துவிட்டால் போகாது. நாங்கள் மூன்றாகப் பிரித்தோம்.

முதலாவது, எடையோ பணமோ மாறியது என்ற குறிப்பு. இது லாக்கே இல்லை; கணக்கு. பழைய எடை, புதிய எடை, மாற்றியவர், கருவி, நேரம், கோரிக்கை எண் ஆகிய ஆறும் தரவுத்தளத்தில் தனி அட்டவணையில் போகின்றன. அதில் சேர்க்க மட்டுமே செயலிக்கு அனுமதி உண்டு. திருத்தவோ அழிக்கவோ அனுமதி இல்லை. அந்தச் சீட்டு எத்தனை ஆண்டு இருக்கிறதோ அத்தனை ஆண்டு இதுவும் இருக்கும். இந்த ஓர் அட்டவணை இருந்திருந்தால் மே 27 கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்போம்.

இரண்டாவது, `nginx` எழுதும் ஒரு வரி. இதில் நான் சாம்ப்ளிங் செய்வதில்லை. செர்ட்-இன் தன் விளக்கத்தில், வெற்றியடைந்த நிகழ்வுகளையும் தோல்வியடைந்தவற்றையும் பதியச் சொல்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. கடவுச்சொல்லைத் திருடியவர் உள்ளே வரும்போது சர்வர் அவருக்கு 200 என்றுதான் பதில் தரும். "பிழை வந்தால் மட்டும் வைப்போம்" என்று வைத்தால், அவருடைய வெற்றிகரமான நுழைவு நம்மிடம் இருக்காது. இந்த வரிகளைச் சுருக்கினால் பத்தில் ஒரு பங்காகிறது. ஓராண்டுக்குச் சுமார் 19 ஜி.பி. அதற்காகக் கஞ்சத்தனம் பார்ப்பது வீண்.

மூன்றாவது, செயலி எழுதும் அந்த 12 வரிகள். சாம்ப்ளிங் இங்கே மட்டும். அதுவும் திரைகள் கேட்கும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் நூற்றில் ஒன்று. மற்ற 30,000 கோரிக்கைகளின் வரிகள் முழுதாக இருக்கின்றன.

பலரும் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் வைத்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 20 முறை நடக்கும் சீட்டுத் திருத்தத்துக்கும் நூற்றில் ஒன்று என்று வைத்தால், அந்த நாளில் ஒன்றுகூடப் பதிவாகாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். அரிதாக நடப்பதைச் சாம்ப்ளிங் செய்வதும் அழிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நூற்றில் ஒன்று என்பதை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொரு வரிக்கும் சீட்டுக் குலுக்கலா?

வரிக்கு வரி குலுக்கினால், ஒரு கோரிக்கையின் 12 வரிகளில் மூன்றாவது மட்டும் கிடைக்கும்; அதை வைத்து எதையும் புரிந்துகொள்ள முடியாது. ஒரு கோரிக்கையின் எல்லா வரிகளும் சேர்ந்தே இருக்க வேண்டும், அல்லது சேர்ந்தே போக வேண்டும். அதற்கு முடிவைக் கோரிக்கை எண்ணிலிருந்தே எடுக்கிறோம். `nginx` ஒவ்வொரு கோரிக்கைக்கும் `$request_id` என்ற 32 எழுத்துள்ள எண்ணை உருவாக்குகிறது. அதை லாக் வரியிலும் சேர்த்து, செயலிக்கும் தலைப்பாக அனுப்புங்கள்:

```
proxy_set_header X-Request-ID $request_id;
```

செயலியோ அந்தக் கோரிக்கையின் வரிகளை உடனே எழுதாமல் நினைவகத்தில் வைத்திருந்து, கோரிக்கை முடிந்ததும் ஒரே முடிவாக எடுக்கிறது:

```python
def weight(req):
    if req.path != "/yard/status":
        return 1
    if req.status >= 400 or req.seconds > 3:
        return 1
    return 100 if int(req.id[:8], 16) % 100 == 0 else 0
```

0 வந்தால் வரிகளை எழுதாமல் விட்டுவிடுகிறோம். 1 என்றால் இது தன்னை மட்டும் குறிக்கிறது. 100 என்றால் தன்னைப் போன்ற நூறு கோரிக்கைகளுக்குப் பிரதிநிதியாக நிற்கிறது. இந்த எண்ணை ஒவ்வொரு வரியிலும் `w=100` என்று எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால், பிறகு விகிதத்தை மாற்றும்போது பழைய மாதத்தையும் புதிய மாதத்தையும் ஒப்பிட வழியே இருக்காது.

முடியும் வரை காத்திருப்பதால் பிழையிலோ தாமதத்திலோ முடிந்த கோரிக்கையின் எல்லா வரிகளும் கிடைக்கின்றன; தொடக்கத்திலேயே முடிவு செய்தால் இது கிடைக்காது. இதற்கு ஓர் எல்லை உண்டு. நினைவகம் தீர்ந்து கெர்னல் செயலியைக் கொன்றுவிட்டால், கையில் வைத்திருந்த வரிகளும் சேர்ந்து போகும். அந்த வேளையில் `nginx` வரியில் 502 இருக்கும், `dmesg` வெளியீட்டில் காரணம் இருக்கும். நடந்ததை அங்கிருந்துதான் தொகுக்க வேண்டும். சீட்டுத் திருத்தம் போன்ற கோரிக்கைகளுக்கு நாங்கள் இப்படிக் காத்திருப்பதில்லை, வரிகளை அப்போதைக்கப்போதே எழுதிவிடுகிறோம்.

இப்படிச் செய்தபின் செயலியின் லாக் நாளுக்கு 8.4 ஜி.பி.யிலிருந்து 0.23 ஜி.பி.யாகக் குறைந்தது. `nginx` உடன் சேர்த்தால் 0.75 ஜி.பி.; சுருக்கினால் 75 எம்.பி. 180 நாளுக்கு 13.5 ஜி.பி., ஓராண்டுக்கு 27 ஜி.பி. முன்பு 14 நாளே தாங்கிய அதே டிஸ்க் இப்போது ஓராண்டை எளிதாகத் தாங்குகிறது.

`logrotate` போட்டும் டிஸ்க் நிரம்புகிறது. ஏன்?

மூன்று காரணங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

`df` நிரம்பியதாகக் காட்டி, `du` குறைவாகக் காட்டினால், அழிக்கப்பட்ட கோப்பிலேயே ஏதோ ஒரு செயலி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. `lsof +L1` என்று கொடுத்தால் அது எந்தச் செயலி என்று தெரியும். கோப்பின் பெயரை மாற்றியபின் புதிய கோப்பைத் திறக்கும்படி செயலிக்குச் சொல்லாததே காரணம். `nginx` என்றால் `USR1` சிக்னல் அனுப்ப வேண்டும். உங்கள் சொந்தச் செயலிக்கு அதே சிக்னலைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். அதைக் கையாளும் நிரல் இல்லாவிட்டால் `USR1` செயலியை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட செயலிக்கு `copytruncate` இருக்கிறது, ஆனால் நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்பட்ட வரிகள் தொலைந்துபோகும்.

இரண்டாவது, `size` அல்லது `maxsize` போட்டுவிட்டு, அந்த அளவைத் தொட்டதும் கோப்பு மாறிவிடும் என்று நம்புவது. `logrotate` பின்னணியில் காவல் நிற்பதில்லை. யாராவது ஓட்டும்போதுதான் அளவைப் பார்க்கும். வழக்கமாக அது நாளுக்கு ஒருமுறை. அளவைப் பார்க்க வேண்டுமானால் மணிக்கு ஒருமுறை ஓட விடுங்கள்.

மூன்றாவது, டாக்கர் கன்டெய்னர்கள். வழக்கமான `json-file` முறையில் அளவு வரம்பு எதுவும் கிடையாது. `/etc/docker/daemon.json` கோப்பில் `max-size`, `max-file` இரண்டையும் கொடுத்தாலும், அது புதிதாக உருவாக்கும் கன்டெய்னருக்குத்தான் பொருந்தும். ஓடிக்கொண்டிருப்பதை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும்.

`rotate 30` என்றால் 30 நாள்தானே?

இல்லை, 30 கோப்பு. நாளுக்கு ஒரு கோப்பு என்றிருக்கும்வரை இரண்டும் ஒன்றாகத் தோன்றும். `maxsize` சேர்த்து மணிக்கு ஒருமுறை ஓடவிட்டால், லாக் வெள்ளமாக வரும் நாளில் ஒன்றேகால் நாளிலேயே 30 கோப்பு ஆகிவிடும். அதற்கு முந்தைய கோப்புகள் எல்லாம் அழியும். லாக் வெள்ளமாக வருவது எப்போது? யாரோ கடவுச்சொற்களைச் சரமாரியாகப் போட்டுப் பார்க்கும்போது, அல்லது ஏதோ பெரிதாகக் கெட்டுப்போனபோது. அதாவது, முந்தைய வாரத்தின் லாக் மிகவும் தேவைப்படும் அதே நாளில் அது போய்விடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே எண்ணிக்கையைப் பெரிதாக வைத்து, நாளை `maxage` தீர்மானிக்கும்படி விடுகிறோம்:

```
/var/log/nginx/*.log {
    daily
    maxsize 500M
    rotate 1000
    maxage 30
    dateext
    dateformat -%Y%m%d-%H
    compress
    delaycompress
    sharedscripts
    postrotate
        kill -USR1 $(cat /run/nginx.pid)
    endscript
}
```

`dateformat` வரியில் `%H` இல்லாவிட்டால் ஒரே நாளில் இரண்டாம் முறை மாற்றும்போது அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருப்பதால் மாற்றம் நடக்காது. இந்தச் சர்வரில் 30 நாள் மட்டும் வைத்துக்கொண்டு, மீதிக் காலத்துக்கான கோப்புகளை ஒவ்வொரு இரவும் வேறிடத்துக்கு நகலெடுக்கிறோம். சர்வரில் நுழைந்துவிட்டவர் முதலில் அழிப்பது லாக்கைத்தான் என்பதால், அந்த இடத்தில் எழுத மட்டும் இந்தச் சர்வருக்கு அனுமதி உண்டு, அழிக்க இல்லை. இந்த நிலையில் வெள்ளம் வந்தால் டிஸ்க் நிரம்பும் அபாயம் இருக்கத்தான் செய்கிறது. 70 சதவீதத்தைத் தொட்டதும் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறோம். சத்தமில்லாமல் சான்று அழிவதைவிட நடு இரவில் எழுந்து பார்ப்பது மேல் என்பது என் தீர்மானம்.

கிளவுடில் உள்ள மிக மலிவான குளிர் காப்பகத்தில் லாக்கைப் போட்டுவிடலாமா?

கட்டாயம் கையில் இருக்க வேண்டிய 180 நாள் லாக்கைப் போடாதீர்கள். அமேசான் எஸ்3யின் டீப் ஆர்க்கைவ் வகையில் இருந்து கோப்பை மீட்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரையும், மொத்தமாக மீட்கும் முறையில் 48 மணி நேரம் வரையும் ஆகும். ஊடுருவல் போன்ற சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். என்ன நடந்தது என்று பார்க்கும் முன்பே அந்த 6 மணி நேரம் கடந்துவிடும். மேலும், அந்த வகையில் ஒரு கோப்பை 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் 180 நாளுக்கான கட்டணம் உண்டு. எங்களுடைய 13.5 ஜி.பி.க்குச் சாதாரண வகையின் மாத வாடகையே மிகக் குறைவுதான். அளவைக் குறைத்தபிறகு இடத்தின் விலையைக் குறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

விவசாயிகளின் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் லாக்கில் வருகின்றன. பரவாயில்லையா?

வரக்கூடாது. சீட்டு எண் இருந்தால் விசாரணைக்குப் போதும். ஆளைத் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். எழுதும் இடத்திலேயே கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றவற்றை மறைத்துவிடுங்கள். சுருக்கி வைத்த ஓராண்டுக் கோப்புகளுக்குள் போய் எண்ணைத் தேடி அழிப்பது மிகவும் கடினம்.

இந்த ஏற்பாடு தேவைப்படும் நாளில் உதவுமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு காரியம் செய்கிறோம். தினமும் இரவு, திரைகளின் முகவரிக்கான `nginx` வரிகளை எண்ணி, செயலி லாக்கில் அதே முகவரிக்கு உள்ள `w` எண்களைக் கோரிக்கைக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்கிறோம். 17,28,000 கோரிக்கையில் சாம்ப்ளிங் சரியாக நடந்தால் இரண்டும் 2, 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும். அதற்கு மேல் விலகினால், எங்கோ வரிகள் தொலைகின்றன அல்லது யாரோ விகிதத்தை மாற்றிவிட்டு `w` எண்ணை மாற்றவில்லை.

மாதம் ஒருமுறை, நான்கு மாதத்துக்கு முந்தைய சீட்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அந்த அமைப்பைக் கட்டாத ஒருவரிடம் கொடுத்து, யார், எங்கிருந்து, எப்போது போட்டார் என்று லாக்கில் இருந்து மட்டும் சொல்லச் சொல்கிறோம். அரை மணி நேரம் தருகிறோம். முதல்முறை இதைச் செய்த பெண் பொறியாளருக்கு வரி கிடைக்கவே இல்லை. சீட்டு வேறொரு சீசனில் மே 27 விடியற்காலை 5 மணி அளவில் போட்டது. அவர் மே 27 கோப்பில் தேடினார். சர்வர் நேரமோ யு.டி.சி.; நம் நேரத்தில் காலை 5:30க்கு முன் நடப்பது எல்லாம் முந்தைய நாள் கோப்பில்தான் இருக்கும். மாங்காய் யார்டில் பாதி வேலை அந்த நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அன்றிலிருந்து காப்பகத்தில் தேடும் குறிப்பின் முதல் கட்டளையே இரண்டு நாளையும் சேர்த்துத்தான் இருக்கிறது:

```
zgrep -h 'slip=48213' /arch/05-2[67]/app-*.gz
```

இதில் கிடைக்கும் கோரிக்கை எண்ணை வைத்து அதே இரண்டு கோப்புறைகளில் `nginx` வரியைத் தேட வேண்டும். இரண்டாம் முறை அவருக்கு 11 நிமிடம் ஆனது.